தர ஒட்டுறவுக் கெழு: இடைவெளியை விட்டுவிட்டு வரிசையை மட்டும் பார்த்தால் என்ன தெரியும்?

"தரவு ஒழுங்காக இல்லையா, பியர்சனை விட்டுவிட்டு ஸ்பியர்மேன் போடு" என்று ஆய்வு செய்பவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதுண்டு. இதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிதான் தொல்லை. இப்படிக் கேட்டுப் பழகியவர்கள், பியர்சன் கெழு நல்ல தரவுக்கானது, ஸ்பியர்மேன் கெழு கெட்டுப்போன தரவுக்கான மாற்று மருந்து என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இரண்டும் இரண்டு வேறு கேள்விகளைக் கேட்கின்றன. எந்தக் கேள்விக்கு விடை வேண்டும் என்று முதலில் தெரிந்துகொண்டால், எந்தக் கெழு என்பது பெரும்பாலும் தானாகவே தெளிவாகிவிடும்.

## வழக்கமான கெழு கேட்கும் கேள்வி

இரண்டு அளவுகள் சேர்ந்து மாறுகின்றனவா என்பதை ஒரே எண்ணில் சொல்வதுதான் ஒட்டுறவுக் கெழு. அது −1 முதல் +1 வரை இருக்கும். வெறுமனே "ஒட்டுறவு" என்று சொன்னால் பெரும்பாலும் கார்ல் பியர்சன் பெயரால் வழங்கும் கெழுவைத்தான் குறிக்கிறோம். அதன் குறியீடு r.

அது வேலை செய்யும் விதம் எளிது. ஒவ்வொரு புள்ளியிலும் முதல் அளவு அதன் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது, இரண்டாவது அளவு அதன் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, அந்த இரண்டு விலக்கங்களையும் பெருக்க வேண்டும். எல்லாப் பெருக்கற்பலன்களையும் கூட்டி, இரு அளவுகளின் மொத்தப் பரவலால் வகுத்தால் r கிடைக்கும். புள்ளிகள் எல்லாம் ஏறும் நேர்கோடு ஒன்றின் மேல் கச்சிதமாக அமர்ந்தால் r = 1. இறங்கும் நேர்கோட்டின் மேல் அமர்ந்தால் r = −1.

இதில் கவனிக்க வேண்டியது "நேர்கோடு" என்ற சொல். பியர்சன் கெழு கேட்பது, "இந்தப் புள்ளிகள் ஒரு நேர்கோட்டுக்கு எவ்வளவு அருகில் இருக்கின்றன?" என்பதை மட்டுமே. உறவு எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும், வளைந்து போனால் r குறையும். அது கெழுவின் பிழையன்று. கேட்ட கேள்விக்கு அது நேர்மையாகத்தான் பதில் சொல்கிறது.

## தர எண் என்றால் என்ன?

ஓட்டப்பந்தயத்தின் முடிவை இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று, ஒவ்வொருவரும் எடுத்துக்கொண்ட நேரம். மற்றொன்று, யார் முதல், யார் இரண்டாவது, யார் மூன்றாவது என்ற வரிசை. முதல் ஆளுக்கும் இரண்டாம் ஆளுக்கும் நூலிழை வித்தியாசம் இருந்திருக்கலாம். இரண்டாம் ஆளுக்கும் மூன்றாம் ஆளுக்கும் பாதி மைதான இடைவெளி இருந்திருக்கலாம். வரிசைப் பட்டியலில் அது தெரியாது. 1, 2, 3 என்று மட்டுமே இருக்கும்.

அந்த 1, 2, 3 தான் தர எண். மதிப்புகளைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, அடுக்கில் எத்தனையாவது இடம் என்று கொடுக்கும் எண். இரண்டு அளவுகளையும் தனித்தனியாக இப்படித் தர எண்களாக மாற்றிவிட்டு, அந்தத் தர எண்களுக்கிடையே வழக்கமான பியர்சன் கெழுவைக் கணக்கிட்டால் கிடைப்பதுதான் ஸ்பியர்மேன் தர ஒட்டுறவுக் கெழு. உளவியலாளர் சார்லஸ் ஸ்பியர்மேன் 1904ஆம் ஆண்டு அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் சைக்காலஜி இதழில் எழுதிய கட்டுரையில் தரங்களை வைத்து ஒட்டுறவைக் காண்பதை விவாதித்தார். கெழுவுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

ஆக, ஸ்பியர்மேன் என்பது முற்றிலும் புதிய சூத்திரம் ஒன்றும் இல்லை. பழைய சூத்திரம்தான், உள்ளே போகும் எண்கள் மாறுகின்றன. அதனால் அது கேட்கும் கேள்வியும் மாறுகிறது: "ஒன்று கூடும்போது மற்றதும் தவறாமல் கூடுகிறதா?" எவ்வளவு கூடுகிறது என்பதை அது கேட்பதே இல்லை.

## வளைந்து ஏறும் உறவில் நடப்பது

ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் நுண்ணுயிர்க் கூட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் மணியில் 1 அலகு, அடுத்து 2, 4, 8, 16 என்று பத்தாம் மணியில் 512 அலகு. இதில் தற்செயலுக்கு இடமே இல்லை. மணியைச் சொன்னால் அளவைத் துல்லியமாகச் சொல்லிவிடலாம். இதைவிட உறுதியான உறவு இருக்க முடியாது.

முதல் ஆறு மணி நேரத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் பியர்சன் r = 0.91. பத்து மணி நேரத்தையும் வைத்துக் கணக்கிட்டால் r = 0.80. விதி மாறவில்லை, அளவீட்டுப் பிழையும் சேரவில்லை. ஆனாலும் கூடுதலாக நான்கு மணி நேரம் பார்த்ததற்காக "உறவு பலவீனமாகிவிட்டது" என்பது போல எண் இறங்குகிறது.

ஏன் என்று உள்ளே போய்ப் பார்க்கலாம். பத்து அளவுகளின் சராசரி 102.3. முதல் ஏழு மணிகளின் அளவுகள் எல்லாமே (1 முதல் 64 வரை) அந்தச் சராசரிக்குக் கீழே நெருக்கமாகக் கிடக்கின்றன. பத்தாம் மணி மட்டும் சராசரியைவிட 409.7 அலகு மேலே நிற்கிறது. விலக்கங்களைப் பெருக்கிக் கூட்டும்போது மொத்தம் 3590.5 வருகிறது, அதில் 1843.65, அதாவது பாதிக்கும் மேல், பத்தாம் மணி என்ற ஒற்றைப் புள்ளியிலிருந்து வருகிறது. மற்ற ஒன்பது புள்ளிகளும் சேர்ந்து மீதியைத்தான் தருகின்றன. எவ்வளவு நேரம் பார்க்கிறோமோ அவ்வளவுக்கு அளவுகளின் பரவலில் கடைசிப் புள்ளியின் ஆதிக்கம் கூடுகிறது.

இப்போது தர எண்களைப் போடுவோம். மணிகளுக்கு 1 முதல் 10. அளவுகளுக்கும் 1 முதல் 10, ஏனென்றால் ஒவ்வொரு மணியும் முந்தையதைவிடப் பெரியது. இரண்டு பட்டியலும் ஒன்றே. ஸ்பியர்மேன் கெழு 1. ஆறு மணி நேரம் பார்த்தாலும் 1, பத்து மணி நேரம் பார்த்தாலும் 1.

இன்னொரு சோதனையும் செய்து பார்க்கலாம். அளவுகளுக்குப் பதிலாக அவற்றின் மடக்கையை, அதாவது லாகரிதத்தை, எடுத்துக்கொண்டால் பியர்சன் கெழு 0.80இலிருந்து நேராக 1க்குப் போய்விடும், ஏனென்றால் இரட்டிப்பாகும் வளைவு மடக்கையில் நேர்கோடாகிவிடுகிறது. ஸ்பியர்மேன் அசையாது. மடக்கை, வர்க்கமூலம் என்று எந்த மாற்றத்தைச் செய்தாலும், பெரியது பெரியதாகவே இருக்கும் வரை வரிசை மாறாது; வரிசை மாறாவிட்டால் தர ஒட்டுறவும் மாறாது.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. மணிக்கு ஓர் அலகு மட்டும் கூடும் இன்னொரு கூட்டத்துக்கும் ஸ்பியர்மேன் கெழு 1 தான். ஒன்று பத்து மணியில் 10க்குப் போகிறது, மற்றது 512க்குப் போகிறது. கெழு இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும். எவ்வளவு வேகமாக ஏறுகிறது, எந்த வடிவத்தில் ஏறுகிறது என்பது உங்கள் கேள்வியாக இருந்தால், தர ஒட்டுறவில் அதற்கு விடை கிடையாது. வடிவம் தெரிந்திருந்தால், இங்கே செய்ததுபோல மடக்கை எடுத்து நேர்கோடாக்கிப் பார்ப்பதே மேல் என்பது என் கருத்து. வடிவம் தெரியாது, "கூடக் கூடக் கூடுகிறதா" என்பது மட்டுமே தெரிய வேண்டும் என்ற இடத்தில்தான் ஸ்பியர்மேன் சரியாகப் பொருந்துகிறது.

இதுவரை: பியர்சன் நேர்கோட்டைத் தேடுகிறது. ஸ்பியர்மேன் ஒரே திசையில் போகும் போக்கைத் தேடுகிறது. அது வளைந்து போனாலும் கவலைப்படுவதில்லை, வேகத்தையும் சொல்வதில்லை.

## எண் போலத் தெரியும், ஆனால் எண் இல்லாத தரவு

வளைவை விடவும் தர ஒட்டுறவு இன்றியமையாததாகும் இடம் வரிசைத் தரவு. முன்பின் வரிசை உண்டு, ஆனால் படிகளுக்கிடையே உள்ள இடைவெளிக்கு அளவு கிடையாது என்ற வகைத் தரவுதான் வரிசைத் தரவு. "முற்றிலும் உடன்படவில்லை" முதல் "முற்றிலும் உடன்படுகிறேன்" வரையிலான கருத்துக்கணிப்பு விடைகள் இந்த வகை. மருத்துவத்தில் மூச்சுத்திணறலை அளக்கப் பயன்படும் எம்.எம்.ஆர்.சி. அளவுகோலும் இந்த வகைதான்.

அந்த அளவுகோலில் 0 முதல் 4 வரை ஐந்து நிலைகள். கடும் உடற்பயிற்சியின்போது மட்டும் மூச்சு வாங்கினால் 0. வேகமாக நடந்தாலோ சிறு மேடு ஏறினாலோ வாங்கினால் 1. சம வயதினரைவிட மெதுவாக நடக்க வேண்டியிருந்தால் 2. ஏறக்குறைய நூறு மீட்டர் நடந்ததும் நிற்க வேண்டியிருந்தால் 3. வீட்டைவிட்டு வெளியே போக முடியாத அளவுக்கு, அல்லது உடை மாற்றும்போதே மூச்சு வாங்கினால் 4. நிலை 3 நிலை 2ஐவிட மோசம் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் 0க்கும் 1க்கும் உள்ள தூரமும் 3க்கும் 4க்கும் உள்ள தூரமும் ஒன்றா? அதை யாரும் அளக்கவில்லை. 0, 1, 2, 3, 4 என்பவை வசதிக்காக ஒட்டிய பெயர்ச்சீட்டுகள்.

எட்டுப் பேரின் மூச்சுத்திணறல் நிலையும், ஆறு நிமிட நடைச் சோதனையில் அவர்கள் நடந்த தூரமும் கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக அமைத்தவை.

| ஆள் | நிலை | தூரம் (மீட்டர்) | நிலையின் தர எண் | தூரத்தின் தர எண் |
|---|---|---|---|---|
| அ | 0 | 560 | 1 | 8 |
| ஆ | 1 | 500 | 2.5 | 5 |
| இ | 1 | 520 | 2.5 | 7 |
| ஈ | 2 | 430 | 5 | 3 |
| உ | 2 | 470 | 5 | 4 |
| ஊ | 2 | 510 | 5 | 6 |
| எ | 3 | 300 | 7 | 2 |
| ஏ | 4 | 180 | 8 | 1 |

நிலைகளை 0, 1, 2, 3, 4 என்று அப்படியே எண்ணாக எடுத்துப் பியர்சன் கெழு கணக்கிட்டால் −0.93. இப்போது வேறொருவர், "மோசமான நிலைகள் உண்மையில் இன்னும் தூரத்தில் இருக்கின்றன" என்று சொல்லி, அதே ஐந்து நிலைகளுக்கும் 0, 1, 2, 5, 10 என்று எண் கொடுக்கிறார். வரிசை மாறவில்லை. கெழு −0.97 ஆகிறது. மூன்றாவது ஆள், "பாதிப்பு தொடங்குவதுதான் பெரிய மாற்றம்" என்று சொல்லி 0, 6, 8, 9, 10 என்று கொடுக்கிறார். கெழு −0.70க்கு வந்துவிடுகிறது.

எட்டுப் பேரும் அவர்களே, நடந்த தூரமும் அதுவே. பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டியதற்கே −0.97 முதல் −0.70 வரை அலைகிறது. மூவரில் யார் சரி என்று தீர்ப்பதற்கு அந்த அளவுகோலில் எந்த ஆதாரமும் இல்லை. ஸ்பியர்மேன் கெழுவுக்கு மூன்றும் ஒன்றுதான், ஏனென்றால் மூன்றிலும் வரிசை ஒன்று. வரிசைத் தரவுக்குத் தர ஒட்டுறவைப் பரிந்துரைப்பதற்கான உண்மையான காரணம் இதுதான். மதிப்புகளின் பரவல் மணிவடிவில் இருக்கிறதா இல்லையா என்பது இங்கே இரண்டாம்பட்சம்.

## கையால் ஒருமுறை போட்டுப் பார்ப்போம்

அட்டவணையின் கடைசி இரண்டு நிரல்களைக் கவனியுங்கள். தூரத்தில் எல்லா மதிப்பும் வேறு வேறு என்பதால் சிக்கல் இல்லை: மிகக் குறைந்த 180க்கு 1, மிக அதிகமான 560க்கு 8.

நிலையில் ஒரே மதிப்பு திரும்பத் திரும்ப வருகிறது. நிலை 0இல் ஒருவர், அவருக்கு 1. நிலை 1இல் இருவர். அவர்கள் அடுக்கில் 2ஆம், 3ஆம் இடங்களை அடைத்துக்கொள்கிறார்கள். யாருக்கு 2, யாருக்கு 3 என்று பிரிக்க வழியில்லை என்பதால் இருவருக்கும் சராசரி 2.5. நிலை 2இல் மூவர். 4, 5, 6 என்ற இடங்களின் சராசரி 5 மூவருக்கும். அடுத்தவர் 7, கடைசியில் 8. சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு: தர எண்களைக் கூட்டினால் 1 முதல் 8 வரை கூட்டியதற்குச் சமமாக, அதாவது 36 ஆக, வர வேண்டும். 1 + 2.5 + 2.5 + 5 + 5 + 5 + 7 + 8 = 36. சரி.

இனி வழக்கமான பியர்சன் கணக்கு. இரு நிரல்களின் சராசரியும் 4.5. அ என்பவருக்கு விலக்கங்கள் −3.5, 3.5, பெருக்கினால் −12.25. ஆ என்பவருக்கு −2, 0.5, பெருக்கினால் −1. இப்படியே எட்டுப் பேருக்கும் போட்டுக் கூட்டினால் −37. நிலையின் தர எண் விலக்கங்களை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 39.5. தூரத்துக்கு 42.

```
rs = −37 / √(39.5 × 42) = −37 / 40.73 = −0.91
```

மூச்சுத்திணறல் நிலை உயர உயர நடக்கும் தூரம் ஏறக்குறைய தவறாமல் குறைகிறது. "ஏறக்குறைய" என்ற சொல்லுக்குக் காரணம் இருவர்: நிலை 2இல் இருக்கும் ஊ 510 மீட்டர் நடந்து, நிலை 1இல் இருக்கும் ஆ நடந்த 500ஐத் தாண்டிவிட்டார். நிலை வேறுபடும் எந்த இருவரை ஒப்பிட்டாலும் இந்த ஒரு ஜோடி மட்டுமே போக்குக்கு எதிராக நிற்கிறது. ஆனாலும் கெழு −0.91இலேயே நிற்பதற்கு அந்த ஒரு ஜோடி மட்டும் காரணமில்லை; ஒரே நிலையில் இருப்பவர்கள் வெவ்வேறு தூரம் நடந்திருப்பதும் சேர்ந்துதான்.

## குறுக்குவழிச் சூத்திரம் ஏமாற்றும் இடம்

பாடப்புத்தகங்களில் தர ஒட்டுறவு என்றவுடன் வருவது இந்தச் சூத்திரம்:

```
rs = 1 − 6Σd² / (n(n² − 1))
```

d என்பது ஒருவரின் இரு தர எண்களுக்கிடையே உள்ள வித்தியாசம், n என்பது ஆட்களின் எண்ணிக்கை. கால்குலேட்டர் இல்லாத காலத்துக்கு அருமையான சூத்திரம். ஆனால் இது எங்கிருந்து வந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தர எண்கள் 1, 2, 3 … n என்று ஒன்றுகூடத் திரும்பாமல் இருந்தால், விலக்க வர்க்கங்களின் கூட்டுத்தொகை முன்கூட்டியே தெரிந்துவிடும். எட்டுப் பேருக்கு அது 42. அதைப் பியர்சன் சூத்திரத்தில் போட்டுச் சுருக்கினால் இந்தக் குறுக்குவழி கிடைக்கும். சம மதிப்புகள் வந்துவிட்டால் அந்தக் கூட்டுத்தொகை குறைந்துவிடுகிறது. நம் அட்டவணையில் 42க்குப் பதில் 39.5. குறுக்குவழிக்கு அது தெரியாது.

போட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். நம் எட்டுப் பேருக்கும் d² மதிப்புகள் 49, 6.25, 20.25, 4, 1, 1, 25, 49. கூட்டினால் 155.5. குறுக்குவழி தரும் விடை −0.85. சரியான விடை −0.91. ஐந்தே நிலைகள் கொண்ட ஓர் அளவுகோலில் நூறு பேர் இருந்தால், சம மதிப்புகள் வந்தே தீரும். தரவு பெரிதாவதால் இந்தச் சிக்கல் தானாகத் தீர்ந்துவிடாது. சம மதிப்பு ஒன்றிருந்தாலும் குறுக்குவழியை ஒதுக்கிவிட்டு, சராசரித் தர எண்களுக்குப் பியர்சன் போடுவதே சரி. சம மதிப்பே இல்லாவிட்டாலும் அந்த வழி அதே சரியான விடையைத் தரும் என்பதால், எப்போதும் அதையே செய்வது இன்னும் நல்லது.

எக்செல்லில் இதற்கெனத் தனிச் சார்பு இல்லை. இரண்டு நிரல்களில் தர எண்களை உருவாக்கி CORREL போட வேண்டும். நிலை A நிரலிலும் தூரம் B நிரலிலும் இருந்தால், C2, D2, வேறொரு காலிக் கட்டம் ஆகியவற்றில் முறையே:

```
=RANK.AVG(A2, A$2:A$9, 1)
=RANK.AVG(B2, B$2:B$9, 1)
=CORREL(C2:C9, D2:D9)
```

முதல் இரண்டையும் ஒன்பதாம் வரிசை வரை இழுத்துவிட வேண்டும். RANK.AVG என்பதற்குப் பதிலாக RANK.EQ போட்டுவிட்டால் சம மதிப்புகளுக்குச் சராசரி கிடைக்காது. நிலை 2இல் இருக்கும் மூவருக்கும் 5க்குப் பதில் 4 கிடைக்கும். தர எண்களைக் கூட்டிப் பார்த்து 36 வருகிறதா என்று பார்த்தால் இந்தத் தவறு அங்கேயே மாட்டிக்கொள்ளும். கடைசியில் உள்ள 1 சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கச் சொல்கிறது. ஒரு நிரலில் 1, மற்றதில் 0 என்று போட்டுவிட்டால் கெழுவின் குறி தலைகீழாகிவிடும், −0.91 என்பது +0.91 ஆகத் தெரியும்.

பைத்தானில் நேரடியாகவே செய்யலாம். சம மதிப்புகளுக்குச் சராசரித் தர எண்ணை அதுவே எடுத்துக்கொள்ளும்:

```python
from scipy.stats import spearmanr
nilai = [0, 1, 1, 2, 2, 2, 3, 4]
thooram = [560, 500, 520, 430, 470, 510, 300, 180]
rho, p = spearmanr(nilai, thooram)
```

நிலைகள் சொற்களாக இருந்தால் இன்னும் ஒரு பள்ளம் காத்திருக்கிறது. "இல்லை, லேசு, மிதம், கடுமை" என்று பதிவு செய்த நிரலை மென்பொருளிடம் கொடுத்து எண்ணாக்கச் சொன்னால், அது பெரும்பாலும் அகரவரிசையில் அடுக்கும்: இல்லை, கடுமை, மிதம், லேசு. கடுமை இரண்டாம் இடத்துக்கும் லேசு கடைசிக்கும் போய்விடும். பிழைச்செய்தி எதுவும் வராது. கெழு மட்டும் பொருளற்றதாக இருக்கும். எந்தச் சொல்லுக்கு எந்த எண் என்பதை நாமே கொடுத்துவிடுவதுதான் பாதுகாப்பு.

இதுவரை: சம மதிப்புக்குச் சராசரித் தர எண், அதன்மேல் பியர்சன். குறுக்குவழிச் சூத்திரம் சம மதிப்பே இல்லாத தரவுக்கு மட்டும்.

## இது பார்க்காதவை

தர ஒட்டுறவு "நேரற்ற உறவுகளைக் கண்டுபிடிக்கும்" என்று சொல்வது பாதி உண்மை. ஒரே திசையில் போகும் வளைவுகளைத்தான் அது கண்டுபிடிக்கும். முதலில் இறங்கிப் பிறகு ஏறும் உறவு வந்தால் அதுவும் கைவிட்டுவிடும். x மதிப்புகள் −3 முதல் 3 வரை, y என்பது x இன் வர்க்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். x தெரிந்தால் y கச்சிதமாகத் தெரியும். ஆனாலும் பியர்சனும் 0, ஸ்பியர்மேனும் 0. இறங்கும் பாதி ஏறும் பாதியை ரத்துசெய்துவிடுகிறது. கெழுவைக் கணக்கிடும் முன் சிதறல் வரைபடம் போட்டுப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். இந்த வடிவத்தைக் கண் ஒரு நொடியில் பிடித்துவிடும், இந்த இரண்டு கெழுக்களும் பிடிக்காது.

மற்றொன்று, தனியே விலகி நிற்கும் மதிப்பு. நம் அட்டவணையில் அ நடந்த 560 மீட்டரைத் தவறுதலாக 5600 என்று பதிந்துவிட்டால், பியர்சன் கெழு −0.93இலிருந்து −0.65 அளவுக்குச் சரிந்துவிடும். ஸ்பியர்மேன் −0.91இலேயே நிற்கும், ஏனென்றால் 560 ஆனாலும் 5600 ஆனாலும் அவர்தான் அதிகம் நடந்தவர், தர எண் 8. இதைத் தர ஒட்டுறவின் பெரிய பலமாகச் சொல்வார்கள். பலம்தான். ஆனால் ஆறு நிமிடத்தில் ஒருவர் 5600 மீட்டர் நடந்தார் என்ற அபத்தம் உங்கள் தரவில் இருக்கிறது என்பதை அது உங்களுக்குச் சொல்லவும் மாட்டாது. விலகிய மதிப்பு வந்தால் ஸ்பியர்மேனுக்கு ஓடுவதற்கு முன் அந்த மதிப்பு எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்க்க வேண்டும். பிழையென்றால் திருத்த வேண்டும். உண்மையென்றால், அந்த அசாதாரண ஆள்தான் ஒருவேளை தரவிலேயே முக்கியமானவர்.

கெழுவை வர்க்கப்படுத்தி விளக்கம் சொல்லும் பழக்கத்தையும் இங்கே கொண்டுவரக் கூடாது. பியர்சன் r = 0.9 என்றால், "ஒன்றின் மாறுபாட்டில் 81 விழுக்காட்டை மற்றொன்றின் நேர்கோடு விளக்குகிறது" என்று சொல்லலாம். ஸ்பியர்மேன் 0.9 என்றால் அந்த 81 விழுக்காடு தர எண்களின் மாறுபாட்டைப் பற்றியது. மீட்டரைப் பற்றியதன்று.

## கெண்டாலின் வழி

தர எண்களைக் கொண்டு ஒட்டுறவு காண இன்னொரு வழியை மாரிஸ் கெண்டால் 1938இல் பயோமெட்ரிகா இதழில் வெளியிட்டார். அதன் பெயர் கெண்டால் டௌ. ஆட்களை இருவர் இருவராக ஒப்பிட்டு, எத்தனை ஜோடிகள் ஒரே திசையில் போகின்றன, எத்தனை எதிர்த்திசையில் போகின்றன என்று எண்ணுவதுதான் அதன் அடிப்படை.

எட்டுப் பேரில் 28 ஜோடிகள் உண்டு. நிலை ஒன்றாக இருக்கும் 4 ஜோடிகளைக் கழித்தால் 24. அதில் 23 எதிர்த்திசை (நிலை கூடியது, தூரம் குறைந்தது), 1 ஒரே திசை. முன்பு பார்த்த ஆ, ஊ ஜோடி. சம மதிப்புகளைக் கணக்கில் கொள்ளும் டௌ-பி என்ற வடிவில் விடை −0.85. இது −0.91ஐவிடச் சிறியது என்பதால் "கெண்டால் பலவீனமான உறவைக் காட்டுகிறது" என்று எழுதிவிடக் கூடாது. இரண்டும் வேறு அளவுகோல்கள். ஒரே தரவில் டௌவின் எண் பெரும்பாலும் சிறியதாகவே வரும். "24 ஜோடிகளில் 23" என்று பாமரருக்கும் புரியும்படி சொல்ல முடிவது கெண்டாலின் தனி வசதி. எந்தக் கெழு என்பதை அறிக்கையில் பெயர் சொல்லி எழுதினால் போதும், குழப்பம் வராது.

## ஆட்கள் மிகக் குறைவாக இருக்கும்போது

தர எண்களை வைத்து வேலை செய்வதில் ஒரு நன்மை, தற்செயலாக இப்படி வந்திருக்குமா என்பதை விரல்விட்டு எண்ணிச் சொல்லிவிடலாம். இரு அளவுகளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லையென்றால், ஒன்றின் வரிசைக்கு எதிரே மற்றதன் எந்த வரிசையும் சமமாக வரக்கூடும். நான்கு ஆட்கள் என்றால் மொத்தம் 24 வரிசைகள். முழுதும் ஒத்துப்போகும் வரிசை ஒன்று, முழுதும் தலைகீழான வரிசை ஒன்று. ஆக +1 அல்லது −1 தற்செயலாகக் கிடைக்கும் வாய்ப்பு 24இல் 2, அதாவது 8.3 விழுக்காடு.

இதன் பொருள், நான்கு ஆட்களை வைத்துக்கொண்டு கெழு 1 என்றே கிடைத்தாலும், இருபுறமும் பார்க்கும் வழக்கமான 5 விழுக்காடு எல்லையைத் தாண்டவே முடியாது. ஐந்து பேர் என்றால் வரிசைகள் 120. 120இல் 2 என்பது 1.7 விழுக்காடு, ஆனால் அதற்கு ஒரு ஜோடிகூடப் பிசகாமல் இருக்க வேண்டும். இந்த எண்ணிக்கை சம மதிப்புகள் இல்லாதபோதுதான் இவ்வளவு நேராக அமையும். சம மதிப்புகள் இருக்கும் தரவுக்கு ஆர் மென்பொருளில் `cor.test` சார்பை `method = "spearman"` என்று கொடுத்துப் போட்டால், துல்லியமான p-மதிப்பை, அதாவது இவ்வளவு வலுவான கெழு தற்செயலாக வரும் வாய்ப்பை, கணக்கிட முடியாது என்று எச்சரிக்கை வரும். கெழு சரியாகவே இருக்கும். p-மதிப்பு தோராயமானது என்பதுதான் அந்தச் செய்தி. எட்டுப் பேர் போன்ற சிறிய தரவில் அந்தத் தோராயத்தை நம்புவதைவிட, ஒரு நிரலைப் பல்லாயிரம் முறை கலைத்துப் போட்டு, நமக்குக் கிடைத்த −0.91 அளவுக்கு வலுவான கெழு எத்தனை முறை வருகிறது என்று கணினியை எண்ணச் சொல்லலாம். அந்த எண்ணிக்கையைக் கலைத்த தடவைகளால் வகுத்தால் கிடைப்பதுதான் p-மதிப்பு.